ஓராண்டு கழித்து அந்த வீட்டில்

1967 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பாட்டு வெளிவந்தது. ஆடுவதற்கு ஆகாத பாட்டு. பல்லவி கிடையாது. ஐந்து சரணம், ஒரு கிட்டார், பின்னால் கொஞ்சம் வயலினும் செல்லோவும், அவ்வளவுதான். ஆகஸ்ட் கடைசியில் அது அந்நாட்டுத் தரவரிசையில் முதலிடத்துக்குப் போய் நான்கு வாரம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பாட்டின் பெயர் 'ஓட் டு பில்லி ஜோ'. எழுதி, மெட்டமைத்து, கிட்டார் வாசித்துப் பாடியவர் மிசிசிப்பி மாநிலத்துக் கிராமப்புறத்தில் வளர்ந்த பாபி ஜென்ட்ரி.

இந்தப் பாட்டைக் கேட்ட எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: பாலத்திலிருந்து அந்தப் பெண் ஆற்றில் எறிந்தது என்ன? கதைப்பாட்டு எழுத ஆசைப்படுகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு கேள்வி. முடிந்துபோன கதைக்கு ஐந்தாவது சரணம் எதற்கு?

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதத்தில் ஒரு நாள், புழுதி பறக்கும் வெயில். பருத்திக்காட்டில் வேலை செய்த பெண்ணும் வைக்கோல் கட்டிய அண்ணனும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறார்கள். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரச் சொல்லிச் சத்தம் போடும் அம்மா, அதே மூச்சில் ஒரு செய்தியும் சொல்கிறாள். பில்லி ஜோ என்ற பையன் டாலஹாட்சி ஆற்றுப் பாலத்திலிருந்து குதித்துவிட்டான். அப்பா தட்டைப்பயற்றுக் கிண்ணத்தை அடுத்தவரிடம் நகர்த்தியபடி, அவனுக்கு எப்போதுமே புத்தி கிடையாது என்கிறார். உழ வேண்டிய நிலம் இன்னும் ஐந்து ஏக்கர் பாக்கி இருப்பது அவர் கவலை. அண்ணன், முன்பு ஒருநாள் தானும் பில்லி ஜோவும் சேர்ந்து தங்கையின் முதுகில் தவளை விட்டதை நினைத்துக்கொள்கிறான், இன்னொரு துண்டு ஆப்பிள் பணியாரம் கேட்கிறான். ஏன் சாப்பிடாமல் இருக்கிறாய் என்று மகளைக் கேட்கும் அம்மா, போதகர் வந்துபோன கதைக்குத் தாவுகிறாள்: பில்லி ஜோவோடு பாலத்தில் நின்று எதையோ எறிந்த பெண்ணைப் பார்த்தாராம், அச்சில் உன்னைப் போலவே இருந்தாளாம். கதை சொல்லும் மகள் மட்டும் கடைசிவரை வாயே திறப்பதில்லை.

நான்கு சரணமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. மிஞ்சினால் அரை மணி நேரம். ஐந்தாவது சரணம் ஒரே தாவலில் ஓராண்டைக் கடக்கிறது.

அந்தத் தாவலுக்கு ஜென்ட்ரி செலவழிப்பது ஒரே ஒரு வரி. இடையில் என்ன நடந்தது என்ற விவரிப்பு இல்லை. பருவங்கள் மாறியதை வர்ணிக்கவும் இல்லை. ஓராண்டு போய்விட்டது என்று சொன்ன கையோடு, சாப்பாட்டு மேசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கணக்கெடுக்கிறார். அண்ணனுக்குக் கல்யாணமாகி, டூபலோ நகரத்தில் கடை வாங்கிப் போய்விட்டான். ஏதோ தொற்றுக்காய்ச்சல் வந்ததில் அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு எதிலும் மனம் ஒட்டுவதில்லை. மகள் மேட்டுக்குப் போய்ப் பூப்பறிக்கிறாள். அவற்றைப் பாலத்திலிருந்து கலங்கிய தண்ணீரில் போடுகிறாள். பாட்டு முடிந்துவிடுகிறது.

அப்பாவின் சாவு சொல்லப்படும் விதத்தைக் கவனியுங்கள். பயற்றுக் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டே ஒரு பையனின் சாவைத் தள்ளிவிட்டவர் அவர். அவருடைய சாவும் அதே போக்கில், ஊரில் பரவிய காய்ச்சலோடு சேர்த்து, ஒரு வரிக்குள் கடந்துபோகிறது. இதை எங்கும் சுட்டிக்காட்டாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார் ஜென்ட்ரி. அம்மாவின் நிலை இன்னும் கொடியது. துக்கத்தில் சாப்பாடு இறங்காத மகளைப் பார்த்து 'என்னாச்சு உனக்கு' என்று கேட்டவளுக்கு, இப்போது அதே துக்கம். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு இழப்பு. ஒருவரோடு ஒருவர் அதைப் பேசிக்கொள்வதாகப் பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. இந்தச் சரணம் இல்லாவிட்டால் இது ஒரு தற்கொலைச் செய்தியைப் பற்றிய பாட்டு. இது வந்த பிறகு அந்த மேசையில் இருந்தவர்களைப் பற்றிய பாட்டாகிவிடுகிறது.

இலக்கணத்திலும் ஒரு வேலை நடக்கிறது. முதல் நான்கு சரணமும் இறந்தகாலம்: அம்மா சொன்னாள், அப்பா சொன்னார். கடைசியில் அம்மாவும் மகளும் நிகழ்காலத்துக்கு வந்துவிடுகிறார்கள். பூப்பறிக்கிறாள், போடுகிறாள். பாட்டு நின்ற பிறகும் அவள் அதைச் செய்துகொண்டிருப்பதாகக் கேட்பவருக்குத் தோன்றுவது இதனால்தான். ஜிம்மி ஹேஸ்கெல் அமைத்த வயலின்கள் அந்த இடத்தில் மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும்; பூ விழுவதைச் சொல்லாமலே காட்டிவிடும்.

கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. முன்பு பாலத்திலிருந்து ஏதோ விழுந்தது, பிறகு ஒரு பையன் விழுந்தான், இப்போது பூ விழுகிறது. முதலில் விழுந்தது என்ன என்று சொல்ல ஓராண்டு கழித்தும் அவளுக்கு வாய் வரவில்லை. 1976-இல் இந்தப் பாட்டைத் திரைப்படமாக எடுத்தவர்கள் இரண்டு மணி நேரத்தை நிரப்ப வேண்டுமே, பையன் குதித்ததற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரு காரணம் வந்ததுமே மற்ற எல்லாக் காரணங்களும் செத்துப்போயின. படத்தைவிடப் பாட்டுதான் இன்றும் பேசப்படுகிறது.

இதற்கு நேர் எதிரான வழியில் போய் வென்ற பாட்டும் உண்டு. ஹாரி சாப்பின் 1974-இல் பாடிய 'கேட்ஸ் இன் தி கிரேடில்'. அவர் மனைவி சாண்டி எழுதிய கவிதையிலிருந்து பிறந்தது. மகனோடு விளையாட நேரமில்லாத அப்பா. அப்பாவைப் போலவே ஆவேன் என்று சொல்லிக்கொண்டு வளரும் மகன். கடைசிச் சரணத்தில் அப்பா ஓய்வுபெற்றுவிட்டார், மகனுக்குத் தொலைபேசுகிறார். மகனுக்கு நேரமில்லை. ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் வந்த அதே பல்லவி இப்போது தலைகீழாகக் கேட்கிறது. பல்லவி உள்ள பாட்டில் பின்கதையை இப்படித்தான் சொல்ல வேண்டும்: சொற்களில் பெரிதாகக் கை வைக்காமல், அவற்றைச் சொல்லும் ஆளை மாற்ற வேண்டும். ஆனால் அதே சரணத்தின் முடிவில், மகன் என்னைப் போலவே ஆகிவிட்டான் என்று அப்பா வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். கோடிப் பேர் கண்ணீர் விட்ட இடம் அது. இருந்தாலும் அந்த வரி தேவையில்லை என்பதுதான் என் கட்சி. தொலைபேசியை வைத்தபோதே கேட்பவருக்குப் புரிந்துவிட்டது.

நம் நாட்டுப்புறக் கதைப்பாடல்களுக்கும் இந்த வேலை தெரியும். அங்கே கதை நாயகன் செத்துச் சாமியாகிறான். பாபநாசம் மலைக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் செருப்பைக் காணிக்கையாகப் போடுகிறார்கள். செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களை மணந்து மாண்ட முத்துப்பட்டன்தான் அந்தச் சாமி. பாட்டின் கடைசிச் சரணத்தை அங்கே கோயில் வாசலே எழுதிவைத்திருக்கிறது.

சரி, நாமே எழுதினால் எங்கே சறுக்கும்? என் கதையையே சொல்கிறேன். எங்கள் ஊர்க் கலை இரவுக்காக ஒரு பாட்டு எழுதினேன். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. முற்றத்துக் கிணற்றில் இரண்டு வாளி ஒன்றாய் இறங்குவதில் முதல் சரணம் தொடங்கும். பிறகு சண்டை, பஞ்சாயத்து, நிழல் தந்த வேப்பமரத்தை வெட்டுவது, கிணற்றின் நடுவே சுவர் வைப்பது. கடைசிச் சரணமாக நான் எழுதிக்கொண்டு போனது இது:

ஆண்டுகள் பலவும் ஓடினவே – அண்ணன்
தம்பியும் நரைத்து வாடினரே
வேண்டாத பகையால் என்ன கண்டார் – அதை
வீணென்று பின்னே உணர்ந்து நின்றார்

பாட வேண்டிய நண்பர் ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டு, "இதைப் பாடினா சனம் பாயைச் சுருட்டிரும்யா" என்றார். அவர் சொன்னது சரி. முதல் வரி முழுக்கக் காலம் ஓடுவதிலேயே போய்விட்டது. நரைப்பதும் வாடுவதும் எந்த அண்ணன் தம்பிக்கும் பொருந்தும். கடைசி இரண்டு வரியும் உபதேசம். எல்லாவற்றையும்விட மோசம், முந்தைய சரணங்களில் வந்த கிணறும் வேம்பும் சுவரும் இதில் எங்குமே இல்லை.

அதனால் ஆட்களை விட்டுவிட்டுப் பொருள்களைக் கணக்கெடுத்தேன். கிணறு இப்போது எப்படி இருக்கும்? வற்றியிருக்கும். சுவர்? பழைய சுவர் வெடிப்பில் வேம்பு முளைக்கும், காக்கை போட்ட எச்சம். எத்தனை ஆண்டு என்று சொல்ல வேண்டியதே இல்லை. சுவரில் செடி முளைக்கவும் கிணறு வற்றவும் எவ்வளவு காலம் ஆகும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக ஒரே ஒரு பொருளை மட்டும் உள்ளே விட்டேன்:

கெணத்துல பாசியும் காஞ்சிருச்சு – நடுச்
சொவத்துல வேம்பொண்ணு மொளச்சிருச்சு
பணத்தோட ரெண்டு கதவுந் தெறக்குது – கேன்
தண்ணிவண்டி வந்து நின்னிருச்சு

முதல் சரணத்தைத் தொடங்கிய 'கெணத்துல' என்ற சொல்லே இதையும் தொடங்குகிறது. முன்பு இரண்டு வாளி ஒன்றாய் இறங்கியது. இப்போது இரண்டு கதவு ஒன்றாய்த் திறக்கின்றன. சமாதானம் ஆனார்களா என்று நான் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

நண்பர் இந்தச் சரணத்தை மட்டும் மெதுவாக இழுத்துப் பாட ஆசைப்பட்டார். வேண்டாம் என்றேன். மெட்டும் வேகமும் முன்பு போலவே இருந்தால்தான் மாறியது வாழ்க்கை மட்டும் என்று காதில் விழும். ஜென்ட்ரியின் கிட்டாரும் கடைசிச் சரணத்துக்காக நடையை மாற்றிக்கொள்வதில்லை.

உண்மையில் அந்தச் சரணத்துக்குப் பின் இன்னும் இரண்டு வரி எழுதி வைத்திருந்தேன். சுவர் பிரித்ததைத் தாகம் சேர்த்தது என்கிற மாதிரி ஏதோ. எழுதியபோது மிகவும் பிடித்திருந்தது. ஒத்திகையில் அந்தத் தாளின் அடிப்பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு பாடச் சொன்னேன். தண்ணி வண்டி நின்றதோடு பாட்டும் நின்றது. கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வரியும் வெட்டுப்பட்டன. நீங்களும் கதைப்பாட்டு எழுதுகிறவர் என்றால், கடைசிச் சரணத்தை முடித்ததும் அதன் கடைசி வரியைக் கையால் மறைத்து ஒருமுறை பாடிப் பாருங்கள்.