ரிலேவைத் தின்னும் தீப்பொறி

தோட்டத்து டைமர் பெட்டி ஒன்றில், சோலனாய்டு வால்வைத் திறந்து மூடும் ரிலேயின் மேல் ‘10 ஆம்பியர்’ என்று அச்சிட்டிருக்கிறது. வால்வின் காயில் 230 வோல்ட்டில் இழுப்பதோ 0.09 ஆம்பியர்தான். ஆனாலும் சில மாதங்களில் ரிலே தகராறு செய்கிறது. மூடியைக் கழற்றினால் காண்டாக்ட் முனைகள் கருகிக் குழி விழுந்திருக்கின்றன. ரிலே மட்டம் என்று சொல்லி வேறு மாற்றுகிறார்கள். அதுவும் அதே கதிக்குத்தான் ஆளாகிறது.

குற்றம் ரிலேயில் இல்லை, காயிலின் குணத்தில் இருக்கிறது. பல்பு போன்ற சுமையில் இணைப்பை விலக்கினால் மின்னோட்டம் பேசாமல் நின்றுவிடும். காயில் அப்படி நிற்க விடாது. வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் அதிர்கிறதே, அதுபோல இங்கே மின்னழுத்தம் எகிறும். 230 வோல்ட் இணைப்பில், விலகும் முனைகளுக்கு நடுவே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல்கூட எழலாம். இடைவெளியோ அப்போது தலைமுடியின் பருமன்கூட இருக்காது. அந்தக் காற்றைக் கிழித்துத் தீப்பொறி பாய்கிறது. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கொஞ்சம் உலோகத்தை ஆவியாக்கிவிடுகிறது.

ஆக, முனைகள் விலகும் வேகத்துக்கும் மின்னழுத்தம் ஏறும் வேகத்துக்கும் இடையே ஒரு பந்தயம் நடக்கிறது. காற்றில் எவ்வளவு சிறிய இடைவெளியானாலும், அதைக் கிழித்துப் பொறி பாயச் சுமார் 300 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். முனைகள் போதிய தூரம் விலகும்வரை அந்த அளவை எட்டவிடாமல் தாமதப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது. அதைச் செய்வதுதான் காண்டாக்டுக்குக் குறுக்கே போடும் ஸ்னப்பர்: ஒரு கெபாசிட்டர், அதோடு தொடராக ஒரு ரெசிஸ்டர்.

நம் வால்வுக்கே கணக்குப் போடுவோம். 0.09 ஆம்பியர் ஏசி ஓட்டத்தின் உச்சம் சுமார் 0.13 ஆம்பியர். முனை விலகியதும் இந்த ஓட்டம் கெபாசிட்டருக்குள் திரும்புகிறது. 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்றால் மின்னழுத்தம் மைக்ரோ விநாடிக்கு 1.3 வோல்ட் வீதம்தான் ஏறும். 300 வோல்ட்டைத் தொட 200 மைக்ரோ விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் முனைகள் விலகிக்கொண்டே போகின்றன. கெபாசிட்டர் இல்லாவிட்டால் அதே ஏற்றம் ஒரு மைக்ரோ விநாடிக்குள் முடிந்துவிடக்கூடும்.

அப்படியானால் கெபாசிட்டர் மட்டும் போதாதா? போதாது; அது தனியாக இருந்தால் முனைகளுக்கு இன்னும் கெடுதல். முனைகள் திறந்திருக்கும்போது கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிரம்பியிருக்கலாம். மறுபடி மூடும் கணத்தில் அது முழுவதும் முனைகள் வழியே ஒரே பாய்ச்சலாகக் கொட்டும். முனைகள் ஒட்டிக்கொள்ளவும் கூடும். 100 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அந்தப் பாய்ச்சல் 3.25 ஆம்பியரைத் தாண்டாது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஆயிரம் ஓம் போடுவதும் தவறு. திறக்கும் கணத்தில் 0.13 ஆம்பியர் அதன் வழியே போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே 130 வோல்ட் முனைகளில் வந்து நிற்கும். 100 ஓம் என்றால் 13 வோல்ட்தான். மூடும்போது அதிக ஓம் நல்லது, திறக்கும்போது குறைந்த ஓம் நல்லது. 100 ஓம் இரண்டுக்கும் நடுவில் அமைந்த சமரசம்.

உதிரிகளைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் ஆகாது. கெபாசிட்டர் மெயின்ஸ் மின்சாரத்துக்கென்றே செய்த ‘எக்ஸ்-2’ வகையாக, 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேல் குறித்ததாக இருக்க வேண்டும். ரெசிஸ்டரில் சராசரி வெப்பம் மிகக் குறைவு என்றாலும், ஒவ்வொரு முறை மூடும்போதும் 300 வோல்ட்டுக்கு மேல் ஒரு அடி விழுகிறது. கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காமல் சத்தமில்லாமல் அறுந்துபோகலாம். துடிப்பைத் தாங்கும் ஒரு வாட் வயர்வவுண்டு நல்லது.

ஸ்னப்பர் செத்துவிட்டதை அறிய எளிய வழி உண்டு. பக்கத்தில் ஏஎம் ரேடியோவை வையுங்கள். வால்வு அணையும்போதெல்லாம் முன்பு இல்லாத பலத்த ‘டப்’ கேட்டால் சந்தேகப்படலாம். மெயினை அணைத்து, கெபாசிட்டரின் ஒரு காலைக் கழற்றி மீட்டரில் அளந்தால், 100 நானோஃபாரட் இருக்க வேண்டியது பல வருட உழைப்பில் பாதியாகத் தேய்ந்திருக்கக்கூடும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. ரிலே திறந்திருந்தாலும் ஸ்னப்பர் வழியே சுமார் 7 மில்லிஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும். 90 மில்லிஆம்பியர் வால்வு அதைப் பொருட்படுத்தாது. ஆனால் 35 மில்லிஆம்பியரில் நிற்கும் சிறிய காண்டாக்டராக இருந்தால், அணைத்த பிறகும் உறுமிக்கொண்டு விடாமல் பிடித்திருக்கலாம். அங்கே ஸ்னப்பரைக் காண்டாக்டுக்குக் குறுக்கே போடாமல் காயிலின் இரு முனைகளுக்குக் குறுக்கே மாற்றிவிட வேண்டும். காண்டாக்டுக்குக் குறுக்கே போட்ட இடங்களில், டைமர் அணைந்திருக்கிறது என்று நம்பி வால்வு வயரைத் தொடக்கூடாது. அந்தக் கசிவே ஷாக் அடிக்கும். மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகே கை வையுங்கள்.