வண்டியை எதுவரை இழுத்துப் போவார்கள்?

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நான்கு வழிச்சாலையில், பெரம்பலூரை நெருங்கும்போது கார் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணி. கியர் விழுகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் அசையவில்லை. கிளட்ச் போய்விட்டது. சாலையோரத்தில் வைத்துச் சரிசெய்யும் வேலை அல்ல அது. கியர்பாக்ஸை இறக்கினால்தான் கிளட்ச் தட்டையே பார்க்க முடியும். அப்படியென்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போயாக வேண்டும்.

நீங்கள் சாலையோர உதவித் திட்டம் எடுத்திருக்கிறீர்கள். விளம்பரத் தாளில் ‘50 கி.மீ. வரை இலவச டோயிங், ஆண்டுக்கு 4 முறை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. நீங்கள் வழக்கமாக வண்டி விடும் சர்வீஸ் சென்டர் திருச்சியில், ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கிறது. பத்து கிலோமீட்டருக்குத்தானே கூடுதல் பணம் என்று நினைப்பீர்கள். கணக்கு அவ்வளவு எளிதில் முடிவதில்லை. அந்த 50 கிலோமீட்டர் எங்கிருந்து எங்கே என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் பை காலியாவதும் காலியாகாததும்.

சில திட்டங்களில், கார் நின்ற இடத்திலிருந்து சர்வீஸ் சென்டர் வரை, அதாவது உங்கள் கார் மேலே ஏறியிருக்கும் தூரத்தை மட்டும் கணக்கிடுகிறார்கள். வேறு சிலவற்றில், ரெக்கவரி வண்டி தன் இடத்திலிருந்து கிளம்பி, உங்களிடம் வந்து, காரை இறக்கிவிட்டுத் திரும்பும் வரை மொத்த ஓட்டத்தையும் கணக்கிடுகிறார்கள். கூடுதல் தூரத்துக்குக் கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முதல் முறையில் 60 கிலோமீட்டரில் 50 கழிய, மீதி 10-க்கு 250 ரூபாய். இரண்டாவது முறையில், திருச்சியிலிருந்து வந்து திருச்சிக்கே திரும்பும் வண்டி 120 கிலோமீட்டர் ஓடியிருக்கும். 50 கழிந்தால் 70. அதற்கு 1,750 ரூபாய். அதே இடம், அதே கார், தாளில் அதே ‘50 கி.மீ.’. போகும் வழியில் சமயபுரம் டோல்கேட் இருக்கிறது. அந்தக் கட்டணம் யார் தலையில் என்பதையும் பல திட்டங்கள் சிறிய எழுத்தில் வாடிக்கையாளர் பக்கம் தள்ளியிருக்கும்.

இன்னொரு வகை எல்லையும் உண்டு. டோயிங் தூரம் தாராளமாக இருக்கும். ஆனால் நீங்கள் பதிவுசெய்த ஊரிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் வண்டி நின்றால் மட்டுமே சேவை. சென்னை முகவரி கொடுத்துத் திட்டம் எடுத்தவர் பெரம்பலூரில் நிற்கும்போது இந்த நிபந்தனை அவரை முற்றாக வெளியே நிறுத்திவிடும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது சொந்த ஊருக்குக் காரில் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன்.

அடுத்தது, எந்த இடத்துக்கு இழுத்துப் போவார்கள் என்பது. பெரும்பாலான விதிகளில் ‘அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்’ என்றுதான் இருக்கும். உங்கள் கார் நிறுவனத்துக்குப் பெரம்பலூரிலேயே ஒரு கிளை இருந்தால் அங்கே இறக்குவதோடு அவர்கள் கடமை முடிந்தது. திருச்சிக்குத்தான் போக வேண்டும் என்பது உங்கள் விருப்பம், செலவும் உங்களுடையது. கார் அங்கே நாலைந்து நாள் கிடக்கும் என்றால், திரும்ப வந்து எடுத்துப்போகும் அலைச்சலையும் சேர்த்து யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரவு எட்டு மணி என்று சொன்னேன் அல்லவா? சர்வீஸ் சென்டர் பூட்டியிருக்கும். வாசலில் காவலாளி இருந்து, உள்ளே விட அனுமதித்தால் நல்லது. இல்லாவிட்டால் காரை வேறெங்காவது நிறுத்திவைத்து மறுநாள் காலை இன்னொரு முறை இழுக்க வேண்டும். இந்த இரண்டாவது இழுவையைச் சில நிறுவனங்கள் தனி அழைப்பாக எண்ணுகின்றன. சில, ஒரு கோளாறுக்கு ஒரு டோயிங்தான் என்று மறுத்தே விடுகின்றன. ரெக்கவரி வண்டியில் கார் ஏறுவதற்கு முன்பே, உதவி எண்ணில் பேசுபவரிடம், “ராத்திரி எங்கே சார் நிறுத்துவீங்க, காலையில மறுபடி எடுத்துட்டுப் போறதுக்குக் காசு உண்டா?” என்று கேட்டுவிடுங்கள். அவர் சொல்லும் பதிலைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள்.

வண்டி நிற்பது தேசிய நெடுஞ்சாலை என்றால், திட்டத்தின் ஆள் வந்து சேரும் வரை சாலையிலேயே ஆபத்தில் நிற்கத் தேவையில்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண், நாள் முழுவதும் இயங்குகிறது. அவர்கள் காரை உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வாகனங்கள் சீறிப்பாயும் தடத்திலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்த உதவுவார்கள். முதலில் அதைச் செய்துகொண்டு, பிறகு நிதானமாக உங்கள் திட்டத்தின் எண்ணை அழைப்பதே நல்லது.

ரெக்கவரி வண்டி வந்த பிறகும் பார்க்க வேண்டியது உண்டு. இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்ற இரண்டை உருள விட்டு இழுக்கும் வண்டி ஒரு ரகம். முழுக் காரையும் தட்டையான தளத்தில் ஏற்றும் பிளாட்பெட் இன்னொரு ரகம். முன்சக்கர இயக்கமுள்ள சாதாரண காருக்கு, முன்பக்கத்தைத் தூக்கினால் முதல் ரகமே போதும். நான்கு சக்கர இயக்கமுள்ள கார், மின்சாரக் கார் ஆகியவற்றை அப்படி இழுக்கக் கூடாது. மின்சாரக் காரில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும். பழுது இன்னும் பெரிதாகும். திட்டத்தில் ‘டோயிங்’ என்ற சொல் மட்டும் இருந்தால், பிளாட்பெட் அனுப்புவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். முன் பம்பரில் ஒரு சின்னச் சதுர மூடி இருக்கும். அதை நெம்பினால் உள்ளே மரையுள்ள துளை தெரியும். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக்கியோடு வைத்திருக்கும் இழுவை வளையத்தை அதில் திருகி மாட்டினால்தான் காரைப் பிளாட்பெட்டில் சரியாக இழுத்து ஏற்ற முடியும். பழைய கார் வாங்கியவர்கள் அந்த வளையம் இருக்கிறதா என்று ஒரு முறை டிக்கியைத் திறந்து பார்ப்பது நல்லது. ஏற்றுவதற்கு முன் காரின் நான்கு பக்கத்தையும், ஓடோமீட்டரையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கீறல் விழுந்தால் பேச ஆதாரம் அது ஒன்றுதான்.

இனி ‘ஆண்டுக்கு 4 முறை’. இங்கே ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை அல்ல. திட்டம் தொடங்கிய தேதியிலிருந்து பன்னிரண்டு மாதம். நான்கில் எத்தனை டோயிங்குக்கு, எத்தனை எரிபொருளுக்கு என்று உள்ளே தனிப் பங்கீடு இருக்கலாம். அதிகமாக வீணாவது பேட்டரியில்தான். பேட்டரி வயதாகிவிட்டது, திங்கட்கிழமை காலை ஆள் வந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்துவிட்டுப் போகிறார். புதன்கிழமை மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை, மறுபடி அழைப்பு. வெள்ளிக்கிழமை மூன்றாவது. ஒரே வாரத்தில் மூன்று அழைப்பு தீர்ந்து, நெடுஞ்சாலையில் நிற்கும் நாளுக்கு ஒன்றே ஒன்று மிச்சம். சில நிறுவனங்கள் இரண்டாவது முறையே, பழுதைச் சரிசெய்யாமல் விட்டதற்காக மறுத்துவிடும். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும் ஆள் மீட்டரை வைத்துப் பார்த்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 14 வோல்ட் காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்று பொருள். அதன் பிறகும் அணைத்துவைத்த காரில் மறுநாள் உயிர் இல்லையென்றால் பெரும்பாலும் பேட்டரியை மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. ஓர் அழைப்பிலேயே இதைத் தெரிந்துகொண்டு பேட்டரியை மாற்றிவிட்டால் மற்றவை மிஞ்சும்.

பஞ்சர் உதவி என்பது பல திட்டங்களில் உங்கள் ஸ்டெப்னியை எடுத்து மாட்டிக் கொடுப்பது மட்டும்தான். ஸ்டெப்னியிலும் காற்று இல்லையென்றால் அது டோயிங் கணக்குக்குப் போய்விடும். பெட்ரோல் தீர்ந்தால் சில லிட்டர் கொண்டுவந்து தருவார்கள். எரிபொருளின் விலை பெரும்பாலும் உங்களுடையது. சி.என்.ஜி. தீர்ந்த காருக்கு வழியில் நிரப்ப முடியாது. இழுத்துத்தான் போக வேண்டும். சேற்றிலோ பள்ளத்திலோ இறங்கிய காரை மேலே எடுப்பதைப் பல திட்டங்கள் டோயிங்காக எண்ணுவதில்லை. கிரேனுக்குத் தனிப் பணம் கேட்பார்கள்.

எந்த வண்டிக்கு இந்தத் திட்டம் என்பதில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. அமெரிக்காவில் 1902-இல் தொடங்கிய ஏ.ஏ.ஏ. என்ற சங்கத்தில் உறுப்பினர் அட்டை ஆளுக்கு உரியது. அட்டை உள்ளவர் நண்பரின் காரில் சும்மா உட்கார்ந்து வந்தாலும் அந்தக் காருக்கு உதவி உண்டு. நம் ஊரில் விற்கும் பெரும்பாலான திட்டங்கள் ஆளுக்கு அல்ல, பதிவு எண்ணுக்கு. அப்பா பெயரில் எடுத்த திட்டம் வீட்டிலுள்ள இரண்டாவது காருக்குச் செல்லாது. மகனின் பைக்குக்கும் செல்லாது. சொந்த உபயோகத்துக்கான திட்டம் மஞ்சள் போர்டு வண்டிக்குப் பொருந்தாது. வெள்ளை போர்டு காரையே வாடகைக்கு விட்டு, அது தெரியவந்தாலும் மறுப்பார்கள். வண்டியின் வயதுக்கு வரம்பு வைத்திருக்கும் திட்டங்களும் உண்டு, ஆர்.சி. புத்தகத்திலுள்ள பதிவுத் தேதியை வைத்தே கணக்கு. பழைய கார் வாங்கியவர்கள் முந்தைய உரிமையாளரின் திட்டம் தானாகத் தங்கள் பெயருக்கு வந்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. நிறுவனத்துக்குத் தெரிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலுள்ள தாள்களை எடுத்துப் பாருங்கள். புதுக் காரோடு உற்பத்தியாளரே இந்த உதவியைத் தந்திருக்கலாம். காப்பீட்டு பாலிசியில் கூடுதல் சேர்க்கையாக ஏற்கெனவே பணம் பிடித்திருக்கலாம். ஒரே காருக்கு இரண்டு இடத்தில் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆனால் வெறும் காப்பீடு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. தனியார் காருக்கான வழக்கமான முழுப் பாலிசியில் வண்டியை இழுத்துப் போக 1,500 ரூபாய் வரையும், இருசக்கர வண்டிக்கு 300 ரூபாய் வரையும் உண்டு. அது விபத்துக்கு மட்டுமே. கிளட்ச் போவது, பேட்டரி சாவது போன்ற இயந்திரக் கோளாறுகளை அந்தப் பாலிசி விலக்கியிருக்கிறது. சேர்க்கையாக எடுத்த உதவியும், பாலிசியைப் புதுப்பிக்க மறந்த நாளோடு நின்றுவிடும்.

என் தீர்ப்பு இது. ஊருக்குள் அலுவலகம், பள்ளி, கடை என்று மட்டும் ஓட்டுகிறவருக்கு 25 கிலோமீட்டர் டோயிங்கும் நான்கு அழைப்பும் உள்ள மலிவான திட்டமே போதும். சொந்த ஊருக்கு நெடுஞ்சாலையில் போய்வருகிறவர், அழைப்பு இரண்டே இருந்தாலும், 100 கிலோமீட்டர் வரை காரைச் சுமக்கும் தூரத்தை மட்டும் கணக்கிடுகிற, ஊர் எல்லை வைக்காத திட்டத்தைத்தான் வாங்க வேண்டும்.