ரஃப் நோட்டுக்கும் மதிப்பெண்

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கான 20 அகமதிப்பீட்டு மதிப்பெண்களில் 5 போர்ட்ஃபோலியோ எனும் தொகுப்பேட்டுக்கு உரியது. பல இடங்களில் அந்த ஐந்தும் அட்டையின் அழகுக்கே போய்விடுகிறது. ஒரு பருவம் முழுக்க நடக்கும் செயல்திட்டத்தில் மாணவர் எப்படி யோசித்தார், எங்கே திருத்தினார் என்பதற்கு மதிப்பெண் தர வேண்டுமானால், அதற்கேற்ற சரிபார்ப்புப் பட்டியல் வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் தன் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 மதிப்பெண்: இரண்டு வரைவுகளுக்கு 6, சிந்தனைக் குறிப்புகளுக்கு 6, இறுதிக் கட்டுரைக்கு 8. முதல் வரைவில் "குளம் வறண்டுவிட்டது" என்று மட்டும் இருக்கிறது. ஆசிரியர் ஓரத்தில் "எப்போதிலிருந்து? யார் சொன்னார்கள்?" என்று கேட்கிறார். இரண்டாம் வரைவில், வரத்துக்கால்வாய் அடைபட்ட கதையை ஒரு விவசாயி சொன்னதாகச் சேர்க்கிறார் மாணவி. பட்டியல் கேட்க வேண்டியது இதைத்தான்: இரண்டு வரைவுகளிலும் தேதி உண்டா? பொருள் சார்ந்த ஒரு மாற்றமாவது கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கிறதா? ஏன் மாற்றினார் என்று குறிப்பு சொல்கிறதா?

வரைவில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. குறைத்தால் பிள்ளைகள் ஃபேர் காப்பியைத்தான் வரைவு என்று நீட்டுவார்கள். இதைவிடச் சாமர்த்தியமான வழியும் உண்டு. கட்டுரையை முதலில் முடித்துவிட்டு, கடைசி இரவில் நாலு பிழை சேர்த்து ஒரு 'முதல் வரைவு' தயாரிப்பது! அதில் அடித்தலும் திருத்தலும் இருக்கும், கருத்து மட்டும் நகர்ந்திருக்காது. வரைவு கைக்கு வந்த அன்றே ஆசிரியர் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால் இந்த வழி அடைபடும்.

சிந்தனைக் குறிப்புதான் பெரிய தலைவலி. "நிறைய கற்றுக்கொண்டேன்" என்ற வரி எந்தச் செயல்திட்டத்துக்கும் பொருந்தும். அதற்கு மதிப்பெண் கிடையாது என்று பட்டியலிலேயே எழுதிவிடலாம். "விவசாயி சொன்னதும் மழைதான் காரணம் என்ற என் எண்ணம் மாறியது. இரண்டாம் பக்கத்தைத் திரும்ப எழுதினேன்" என்ற குறிப்புக்கு முழு மதிப்பெண் தரலாம், சொன்ன இடத்தைப் புரட்டிப் பார்த்து உறுதிசெய்ய முடிகிறதே.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் பள்ளித் தொகுப்பேடுகளை மாநில அளவில் மதிப்பிட்டது. ராண்ட் ஆய்வு நிறுவனம் பார்த்தபோது, ஒரே தொகுப்பேட்டுக்கு வெவ்வேறு ஆசிரியர்கள் தந்த மதிப்பெண்கள் போதிய அளவு ஒத்துப்போகவில்லை. "குறிப்பு ஆழமாக உள்ளதா?" போன்ற கேள்விகள் ஆளுக்கொரு விடையைத்தான் தரும். "எந்தப் பக்கம் மாறியது என்று சொல்லியிருக்கிறாரா?" என்பதற்கு விடை ஆம் அல்லது இல்லை. திருத்தும் முன் இரண்டு ஆசிரியர்கள் அதே நாலைந்து தொகுப்பேடுகளைத் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிடுவது நல்லது. எந்தக் கேள்வியில் இருவரும் பிரிகிறார்களோ, அதை மாற்றி எழுத வேண்டும்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் பத்துக்கு மேல் கேள்வி இருந்தால் எந்த ஆசிரியருக்கும் நேரம் போதாது. பட்டியலை ஒரே பக்கத்தில் முடித்து, பருவத்தின் முதல் வாரமே மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள்.