நிலவும் மழையும் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

1957-இல் வெளிவந்த ‘மாயா பஜார்’ படத்தில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நிலவொளியில் படகில் போகும் பாடலைப் பார்த்தவர்கள் அந்த வெளிச்சத்தை எளிதில் மறக்க மாட்டார்கள். தண்ணீர் மினுங்கும்; இரவு என்பதும் தெரியும்; இருவர் முகமும் தெளிவாகத் தெரியும். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் சில நொடிக் காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஸ்டூடியோவுக்குள்ளேயே விளக்குகளை வைத்து எடுத்து முடித்தார் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லே. நாம் ரசித்த நிலவில் பெரும்பகுதி அவர் உண்டாக்கியதுதான்.

காதலுக்கு இரவு வேண்டும், கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பது நிலவு. வானில் ஒரு முறை நிலவைக் காட்டிவிட்டால் போதும், முகத்தில் விழும் ஒளி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சங்கப் பாடல்களில் நிலைமை நேர்மாறாகவும் இருந்தது. குறுந்தொகையில் ஒரு தோழி நிலவைப் பார்த்தே குறைப்படுகிறாள். இரவில் காட்டுவழியே ஒளிந்து வரும் தலைவனை அது காட்டிக்கொடுத்துவிடுமே என்பது அவள் கவலை. அங்கே காதலர் மறைந்திருக்க வேண்டும். சினிமாவில் நாம் அவர்களைப் பார்த்தாக வேண்டும். அதனால்தான் அன்று இடைஞ்சலாக இருந்த நிலவு திரையில் துணையாகிவிட்டது.

மழையின் கதை வேறு. உண்மையான மழையைப் படமெடுத்தால் பெரும்பாலும் அது திரையில் தெரிவதே இல்லை. துளிகள் மெல்லியவை, முன்னாலிருந்து விளக்கடித்தால் மறைந்துவிடும். பின்னாலிருந்து ஒளி பாய்ந்தால்தான் ஒவ்வொரு துளியும் வெள்ளிக்கம்பியாக மின்னும். தவிர, உண்மையான மழை பாதி ஷாட்டில் நின்றுவிடும், அடுத்த ஷாட் ஒட்டாது. எனவே லாரியில் தண்ணீர் கொண்டுவந்து, குழாய் வழியே மேலேற்றி, பெரிய துளிகளாகக் கொட்டவைக்கிறார்கள். சரியாகச் செய்யாவிட்டால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். நாயகன் நாயகி மேல் கொட்டோ கொட்டென்று கொட்டும், தூரத்துச் சாலை காய்ந்து கிடக்கும். அல்லது அடைமழைக்கு நடுவே தரையில் வெயில் நிழல் விழுந்திருக்கும்.

இவ்வளவு செலவும் பாடும் எதற்கு? முத்தத்தை நேரடியாகக் காட்ட நம் சினிமா நெடுங்காலம் தயங்கியது. நனைந்த உடலையும் நடுக்கத்தையும் ஒரு குடைக்குள் ஒதுங்கும் நெருக்கத்தையும் காட்ட மழை ஒரு நியாயமான காரணம் தந்தது. திருவிழாவும் இதே வேலையைத்தான் செய்கிறது. நல்ல சேலை உடுத்தி, யாரும் கேள்வி கேட்காமல் ஒரு பெண் தெருவுக்கு வரக்கூடிய நாள் அது. கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். மும்பையில் நடக்கும் கதை என்பதால் ‘நாயகன்’ (1987) ஹோலியை எடுத்துக்கொண்டது. வண்ணப்பொடி பூசுகிற பண்டிகையில் தொடுவதற்கே அனுமதி உண்டு.

பாட்டு எழுதும் முறையும் இதற்கு ஒரு காரணம். நம் படங்களில் பெரும்பாலும் மெட்டு முதலில் வருகிறது, வரிகள் பிறகு வருகின்றன. இசையமைப்பாளர் தத்தகாரமாகப் பாடிக்காட்டும் சந்தத்துக்குள் கவிஞர் சொற்களை உட்கார வைக்க வேண்டும். ‘தனா’ என்று வந்தால் ‘நிலா’ பொருந்தும். ‘தந்தனா’ என்றால் ‘வெண்ணிலா’. ‘தந்தன்’ என்றால் ‘திங்கள்’. மழைக்கும் முகில், மேகம், தூறல், சாரல், மாரி என்று அளவுக்கு ஒன்றாக இருக்கிறது. எந்தச் சந்தத்துக்கும் ஏதாவது ஒன்று கைகொடுக்கும் பொருள்கள் மொழியில் அதிகம் இல்லை. மறுநாள் காலை ஒலிப்பதிவு என்றால் கவிஞரின் கை நிலவைத்தான் தேடிப்போகும். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. ஆனால் கதைக்குத் தேவையே இல்லாமல் வரும்போது அது வெறும் நிரப்பல்தான்.

‘மௌன ராகம்’ (1986) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தே ரேவதி வீட்டுக்குப் போகாமல் தோழிகளோடு மழையில் ஆடிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் காதலன் இல்லை. அந்த மழை அவருக்கு நேரத்தைக் கடத்த உதவுகிறது. கல்யாணத்துக்கு முந்தைய விடுதலையின் கடைசி மணிகளாகவும் இருக்கிறது. நனைந்தபடி தாமதமாக வீடு திரும்பும்போது மாப்பிள்ளை இன்னும் காத்திருக்கிறார். மழையை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியே நிற்காது.

அடுத்த முறை ஒரு பாட்டில் மழை கொட்டினாலோ நிலவு எழுந்தாலோ, அதை மனத்துக்குள் நீக்கிப் பாருங்கள். காட்சி அப்படியே நின்றால் அது அலங்காரம். சரிந்தால், அந்த இயக்குநர் தன் வேலையைச் செய்திருக்கிறார்.