அடுத்தது எது, இடையில் எவை?

ஒரு வெப் சர்வர் ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கெடு உண்டு: அறுபது விநாடிக்குள் மறுமுனையிலிருந்து எதுவும் வராவிட்டால் துண்டித்துவிட வேண்டும். இந்தக் கெடுக்களை எல்லாம் சர்வர் எங்காவது குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பேட்டிடம் அது ஓயாமல் கேட்பது ஒரே கேள்வி: முதலில் முடியப்போகும் கெடு எது?

வேலை ஒன்றுதான், ஆனால் அதைச் செய்யும் வழி ஊருக்கு ஒன்றாக இருக்கிறது. உலகெங்கும் புழங்கும் என்ஜின்எக்ஸ் சர்வர் இந்தக் கெடுக்களைத் தேடல் மரத்தில் வைக்கிறது. லிப்ஈவென்ட் என்ற நிரல்தொகுப்பும் முதலில் மரத்தில்தான் வைத்திருந்தது, 1.4 பதிப்பில் பைனரி ஹீப்புக்கு மாறியது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: மேலே ஒரு வேர், ஒவ்வொரு கணுவுக்கும் கீழே அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள். எதை எங்கே வைப்பது என்ற விதியில்தான் வேறுபாடு.

42, 17, 65, 8, 30, 51, 73 என்ற ஏழு எண்களை இதே வரிசையில் இரண்டிலும் போட்டால் கிடைப்பது இது:

```
       ஹீப்                 தேடல் மரம்

         8                      42
      /     \                /      \
    17       51            17        65
   /  \     /  \          /  \      /  \
  42  30   65  73        8   30    51   73
```

ஹீப்பின் விதி மேலும் கீழும் மட்டுமே பார்க்கிறது. பெற்றோர் தன் பிள்ளைகளைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அண்ணன் தம்பிக்குள் யார் பெரியவர் என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. 17-க்குக் கீழே இடப்பக்கம் 42, வலப்பக்கம் 30. மூன்றாம் தட்டில் இருக்கும் 42, இரண்டாம் தட்டின் 51-ஐவிடச் சிறியது. அதுவும் குற்றமில்லை.

தேடல் மரத்தின் விதி இடமும் வலமும் பார்க்கிறது. ஒரு கணுவின் இடக்கிளையில் உள்ளவை எல்லாம் அதைவிடச் சிறியவை, வலக்கிளையில் உள்ளவை எல்லாம் பெரியவை. 'எல்லாம்' என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே உள்ள மரத்தில் 30-ஐ எடுத்துவிட்டு அங்கே 45-ஐ வையுங்கள். தன் பெற்றோரான 17-க்கு அது பெரியது, வலப்பக்கம்தான் இருக்கிறது. பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் பாட்டனான 42-இன் இடக்கிளையில் 45 இருக்கக் கூடாது. இனி யாராவது 45-ஐத் தேடினால், தேடல் 42-இலிருந்து வலம் திரும்பி 65-க்கும் 51-க்கும் போய், 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லிவிடும். எண் உள்ளேயே இருக்கும், கைக்கு மட்டும் அகப்படாது. பெற்றோர்-பிள்ளை உறவை மட்டும் சரிபார்க்கும் நிரல்கள் இந்தப் பிழையைக் கோட்டைவிடுகின்றன.

இப்போது கேள்விகளுக்கு வருவோம். மிகச் சிறியது எது? ஹீப்பில் அது உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பார்வை போதும். மரத்தில் 42, 17, 8 என்று இடப்பக்கமாகவே இறங்கிப் போக வேண்டும். 70 இருக்கிறதா? மரத்தில் 42, 65, 73 என்று மூன்றைப் பார்த்ததும் இல்லை என்று தெரிந்துவிடும். ஹீப்பிலோ எந்தப் பக்கம் போவதென்று சொல்ல யாருமில்லை. 8-ஐவிட 70 பெரியது என்பதால் அது இரு கிளைகளில் எதிலும் இருக்கலாம். அடுத்த தட்டிலும் அதே கதை. கடைசியில் ஏழையும் பார்த்தாக வேண்டும். பத்து லட்சம் எண்கள் இருந்தால், சமநிலை கெடாத மரத்தில் சில பத்துப் பார்வைகளில் முடியும் காரியத்துக்கு ஹீப்பில் பத்து லட்சத்தையும் புரட்ட வேண்டி வரலாம்.

20-க்கும் 60-க்கும் இடையில் எவை என்று கேட்டால் மரம் 30, 42, 51 என்று ஏறுவரிசையிலேயே எடுத்துக்கொடுக்கும். 51-க்கு அடுத்த பெரியது எது என்ற கேள்விக்கும் அதனிடம் பதில் உண்டு. ஹீப்பிடம் இதையெல்லாம் கேட்கவே கூடாது. மிகப் பெரியது எது என்றுகூடக் கேட்க முடியாது. அது அடித்தட்டில் எங்கோ இருக்கும், அங்கேதான் மொத்தத்தில் பாதி எண்கள் இருக்கின்றன.

இப்படிப் பார்த்தால் மரமே எல்லாம் அறிந்ததாகத் தெரியும். பிறகு ஹீப் எதற்கு? அறிவுக்கு ஒரு விலை உண்டு என்பதுதான் பதில். முழு மரத்தையும் இடமிருந்து வலமாக நடந்து படித்தால் எண்கள் வரிசையாக வந்துவிடும். அதாவது, மரத்தைக் கட்டுவதென்பது எண்களை வரிசைப்படுத்துவதற்குச் சமமான உழைப்பு. பத்து லட்சம் எண்களுக்கு அது ஏறத்தாழ இரண்டு கோடி ஒப்பீடுகள். ஹீப் அவ்வளவு ஒழுங்கைக் கேட்பதில்லை. 1964-இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் ஹீப்பை அறிமுகப்படுத்தினார்; அதே ஆண்டு ராபர்ட் ஃபிளாய்ட், அடியிலிருந்து மேலாகச் சரிசெய்துகொண்டே போனால் இருபது லட்சம் ஒப்பீடுகளுக்குள் அதைக் கட்டிவிடலாம் என்று காட்டினார். அதை வைக்க ஒரு சாதாரண வரிசைப் பட்டியலே போதும்: k-ஆவது இடத்தில் இருப்பதன் பிள்ளைகள் 2k, 2k+1 ஆகிய இடங்களில் இருக்கும். யாருக்கு யார் பிள்ளை என்று தனியாகக் குறித்துவைக்கத் தேவையில்லை.

சர்வரின் கெடுக்களுக்குத் திரும்பினால் இன்னொரு விஷயம் புலப்படும். எல்லாருக்கும் அதே அறுபது விநாடி என்றால், புதிதாக வரும் ஒவ்வொரு கெடுவும் முன்பு வந்தவற்றுக்குப் பிந்தையதாகவே இருக்கும். ஹீப்புக்கு இதைவிட நல்ல வரவு இல்லை. புதியது கடைசி இடத்தில் அமரும், பெற்றோரோடு ஒரு முறை ஒப்பிடும், நகராமல் அங்கேயே தங்கிவிடும். ஆனால் வெறும் தேடல் மரத்துக்கு இதுவே நஞ்சு. ஒவ்வொன்றும் முந்தையதன் வலப்பக்கமே தொங்கித் தொங்கி, மரம் என்ற பெயரில் ஒரு நீண்ட சங்கிலிதான் மிஞ்சும். சங்கிலியில் தேடுவதும் ஒவ்வொன்றாகப் புரட்டுவதும் ஒன்றுதான். இந்த நோய்க்கு மருந்தை 1962-இல் சோவியத் கணிதவியலாளர்கள் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் கண்டார்கள்: ஒரு பக்கம் நீளும்போதே கணுக்களைச் சுழற்றிச் சமன் செய்யும் மரம். என்ஜின்எக்ஸ் வைத்திருப்பது, பின்னால் வந்த அதன் உறவான சிவப்பு-கருப்பு மரம்.

சர்வரில் பெரும்பாலான கெடுக்கள் முடிவதே இல்லை. மறுமுனையிலிருந்து பதில் வந்துவிடும், கெடு ரத்தாகும். ஆகவே, நடுவிலிருந்து ஒன்றைப் பிடுங்குவதும் அன்றாட வேலை. ஹீப்பில் அந்த ஒன்றைத் தேடப் போனால் எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். லிப்ஈவென்ட் இதை எளிதாகச் சமாளித்தது: ஒவ்வொரு கெடுவும் தான் ஹீப்பில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது, இடம் மாறும்போதெல்லாம் அந்த எண்ணும் மாறுகிறது. தேட வேண்டியதில்லை, எடுத்த இடத்தில் கடைசியில் உள்ளதை வைத்து, மேலோ கீழோ நகர்த்திவிட்டால் போதும். எந்தக் கெடு என்பது முன்பே கையில் இருப்பதால் இது பலிக்கிறது. இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் எத்தனை கெடு என்று ஒருநாள் யாராவது கேட்டால் இந்தத் தந்திரம் உதவாது.

ஜாவாவில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே `PriorityQueue` என்பது ஹீப், `TreeMap` என்பது சிவப்பு-கருப்பு மரம். `PriorityQueue`-வின் மீது `contains` என்று எழுதினாலும் அது பதில் சொல்லும், ஆனால் உள்ளே ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் சொல்லும். சோதிக்கும்போது நூறு எண்களில் அது தெரியாது. தரவு பெருகப் பெருக நிரல் தவழ ஆரம்பித்தால், முதலில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.