ஆறு பியூரெட்டும் ஒரு கடிதமும்

மேல்நிலை வகுப்புகளில் வணிகக் கடிதம் என்றால் மாணவர்கள் அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு என்ற வடிவத்தை மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். நானும் பல ஆண்டுகள் அந்த வடிவத்துக்கே மதிப்பெண் போட்டு வந்தேன். சென்ற ஆண்டு எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளிக்காக உண்மையிலேயே ஒரு முறையீட்டுக் கடிதம் எழுத வேண்டி வந்தது. வடிவத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கே தெளிவாயிற்று.

வேதியியல் ஆய்வகத்துக்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற்று, குறைந்த விலை கொடுத்திருந்த நிறுவனத்துக்கு 25.10.2024 அன்று கொள்முதல் ஆணை அனுப்பினோம். பியூரெட் 30, ஒன்று 320 ரூபாய். 250 மி.லி. முகவை 60, ஒன்று 85 ரூபாய். சோதனைக் குழாய் 400, ஒன்று 7 ரூபாய். நவம்பர் 12 அன்று பார்சல் சர்வீஸ் வண்டியில் பெட்டிகள் வந்தன. அந்த நேரம் வேதியியல் ஆசிரியை வகுப்பில் இருந்தார். இறங்கி வந்து டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் வகுப்புக்கு ஓடினார். இரண்டு நாள் கழித்துப் பெட்டிகளைப் பிரித்து எண்ணியபோது பியூரெட் 24 மட்டுமே இருந்தது. இடாப்பில், அதாவது நாம் பில் என்று சொல்வதில், 30 என்றே இருந்தது. முகவைக்கு 85க்குப் பதில் 95 ரூபாய் போட்டிருந்தார்கள்.

“நான் கையெழுத்துப் போட்டுட்டேனே சார், ஆறு பியூரெட்டுக்கும் என் கையிலிருந்துதான் கட்டணுமா?” என்று ஆசிரியை கேட்டார். அவருடைய பயம் நியாயமானது. பில்லில் உள்ள பொருள்கள் பெறப்பட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டன என்று சான்றளித்த பிறகே பணம் தருகிறோம். 24ஐ ஏற்றினால் பில்லோடு ஒத்துப்போகாது. 30 என்று ஏற்றினால் அது பொய். எப்படி எழுதினாலும் தணிக்கையில் கேள்வி வரும்.

பில்லில் பேனாவால் அடித்துத் திருத்தி, குறைத்துப் பணம் கொடுத்துவிடலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். பல இடங்களில் நடப்பதும் இதுதான். ஆனால் பில் விற்றவருடைய ஆவணம். அதைத் திருத்தும் உரிமை நமக்கில்லை. அவருடைய பேரேட்டில் முழுத் தொகையும் நம் பெயரில் நிலுவையாகவே நிற்கும். அடுத்த ஆண்டு பழைய பாக்கி என்று கேட்டு வருவார்கள். விற்றவரே ‘இவ்வளவு தொகையை உங்கள் கணக்கில் வரவு வைத்துவிட்டேன்’ என்று எழுதித் தரும் தாள்தான் வரவுக் குறிப்பு. கடைக்காரர்கள் கிரெடிட் நோட் என்பார்கள். பில்லும் அந்தக் குறிப்பும் சேர்ந்திருந்தால் 24க்குக் கணக்கு நேராகிவிடும்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. ஒப்புக்கொண்டதைவிடக் குறைவாகப் பொருள் வந்தால் வாங்குபவர் அதை மறுக்கலாம். ஏற்றுக்கொண்டால், வந்த அளவுக்கு ஒப்பந்த விலையில் பணம் தர வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 37ஆம் பிரிவு சொல்கிறது. பில்லில் காட்டிய மதிப்போ வரியோ உரியதைவிடக் கூடுதலாக இருந்தால் விற்றவர் வரவுக் குறிப்பு தரலாம் என்கிறது 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. இவை நமக்குப் பின்பலம். முதல் கடிதத்திலேயே சட்டப் பிரிவைக் காட்டினால் எதிரே இருப்பவர் வக்கீலைத் தேடுவார். கணக்கரிடம் கொடுக்க மாட்டார். அதனால் கடிதத்தில் நான் எந்தப் பிரிவையும் எழுதவில்லை.

எழுதுவதற்கு முன் தாள்களை மேசையில் வரிசையாக வைத்தேன்: விலைப்புள்ளி, கொள்முதல் ஆணை, டெலிவரி சலான், பில், பார்சல் ரசீது. விலைப்புள்ளியிலும் ஆணையிலும் முகவை 85 ரூபாய் என்று தெளிவாக இருந்ததால் விலை வேறுபாட்டில் சிக்கல் இல்லை. எண்ணிக்கைதான் கடினம், சலானில் நம் கையெழுத்து இருக்கிறது. அதைத் தீர்த்தது பார்சல் ரசீது. சலானில் பியூரெட் 5 பெட்டி (பெட்டிக்கு 6), முகவை 2 பெட்டி, சோதனைக் குழாய் 1 பெட்டி, ஆக 8 என்று இருந்தது. பார்சல் ரசீதிலோ ஏற்றியது 7 பெட்டி. ஒரு பெட்டி குறைவு; அதற்குள் இருக்க வேண்டியது 6 பியூரெட். நம் எண்ணிக்கையும் அதையே சொன்னது. பெட்டி வண்டியில் ஏறவே இல்லை என்பதை அவர்கள் அனுப்பிய ரசீதே காட்டிவிட்டது.

அடுத்தது தொகை. 6 பியூரெட்டுக்கு 1,920 ரூபாய். 60 முகவைக்கு 10 ரூபாய் வீதம் 600 ரூபாய். மொத்தம் 2,520 ரூபாய். முதல் வரைவில் இதைத்தான் கேட்டிருந்தேன். அதைப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக் காட்டியபோது பின்வரிசை மாணவி ஒருத்தி, “சார், பில்லுல வரியும் சேர்த்துத்தானே போட்டிருக்காங்க? அதை ஏன் விட்டுட்டீங்க?” என்றாள். அவள் சொன்னது சரி. பில்லில் 18 விழுக்காடு வரி இருந்தது. வரியில் பதிவு பெற்ற வணிகர் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக ஈடுசெய்துகொள்வார். நம் பள்ளிக்கு அந்தப் பதிவு இல்லை. கட்டும் வரி முழுவதும் செலவு. 2,520க்கு வரி 453 ரூபாய் 60 காசு. கேட்க வேண்டிய தொகை 2,973 ரூபாய் 60 காசு.

கடைசியாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மீதி ஆறையும் அனுப்பச் சொல்வதா, தொகையைக் கழிக்கச் சொல்வதா? ‘அனுப்புங்கள் அல்லது கழியுங்கள்’ என்று எழுதினால் விற்றவர் எதையும் செய்யாமல் காலம் தள்ள வழி கிடைத்துவிடும். செய்முறைத் தேர்வுக்கு 24 போதும் என்று ஆசிரியை சொன்னதால் வரவுக் குறிப்பை மட்டும் கேட்டோம். நவம்பர் 15 அன்று தலைமையாசிரியர் கையெழுத்துடன் சென்ற கடிதம் இது:

ஐயா,

பொருள்: தங்கள் இடாப்பு எண் 1147, நாள் 11.11.2024 – 6 பியூரெட் குறைவு, முகவை விலை வேறுபாடு – ரூ. 2,973.60க்கு வரவுக் குறிப்பு கோருதல்.

எங்கள் 25.10.2024 நாளிட்ட ஆணையின்படி தாங்கள் அனுப்பிய ஆய்வகப் பொருள்கள் 12.11.2024 அன்று கிடைத்தன. 14.11.2024 அன்று சரிபார்த்ததில் கீழ்க்கண்ட இரு வேறுபாடுகள் தெரியவந்தன.

1. பியூரெட்: இடாப்பில் 30, வந்தது 24, குறைவு 6. ஒன்றுக்கு ரூ. 320 வீதம் ரூ. 1,920.

2. முகவை 250 மி.லி.: ஒப்புக்கொண்ட விலை ரூ. 85; இடாப்பில் ரூ. 95. வேறுபாடு 60க்கு ரூ. 600.

கூடுதல் ரூ. 2,520; வரி 18 விழுக்காடு ரூ. 453.60, மொத்தம் ரூ. 2,973.60.

பெட்டிகளைப் பிரிக்காமலே எங்கள் ஆசிரியை சலானில் கையெழுத்திட்டுள்ளார். எனினும் சலானில் 8 பெட்டிகளும் பார்சல் ரசீதில் 7 பெட்டிகளும் குறிக்கப்பட்டிருப்பதைக் காண வேண்டுகிறோம்.

குறைந்த 6 பியூரெட்டுகளை அனுப்ப வேண்டாம். மேற்கண்ட தொகைக்கு வரவுக் குறிப்பை 30.11.2024க்குள் அனுப்பி உதவ வேண்டுகிறோம். அது கிடைத்தவுடன் மீதித் தொகை ரூ. 18,384.40 செலுத்தப்படும்.

இணைப்பு: விலைப்புள்ளி, ஆணை, சலான், இடாப்பு, பார்சல் ரசீது – நகல்கள்.

சலானில் கையெழுத்திட்டதை நாமே ஒப்புக்கொள்ளும் வரியை எடுத்துவிடலாம் என்று தலைமையாசிரியர் முதலில் தயங்கினார். நாம் சொல்லாவிட்டாலும் அவர்கள் முதலில் எடுத்துக் காட்டப் போவது அந்தக் கையெழுத்தைத்தான். அதற்குப் பதில் எழுதி, அவர்கள் மறுபடி கேட்டு, ஒரு மாதம் போய்விடும். நாமே சொல்லி அடுத்த வரியில் 8, 7 என்ற எண்களை வைத்துவிட்டால் கேள்விக்கு இடமில்லை. அதேபோல் ‘ஏமாற்றிவிட்டீர்கள்’, ‘இனி உங்களிடம் வாங்க மாட்டோம்’ போன்ற சொற்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. இதைப் படித்து வேலையை முடிக்கப் போகிறவர் அந்த நிறுவனத்தின் கணக்கர். எந்தப் பில், எந்தப் பொருள், எவ்வளவு தொகை, என்ன சான்று ஆகிய நான்கும் கையில் இருந்தால் யாரிடமும் எதுவும் கேட்காமல் அவரால் வரவுக் குறிப்பைப் போட்டுவிட முடியும்.

நவம்பர் 25 அன்று வரவுக் குறிப்பு வந்தது. வந்ததும் மூன்றைச் சரிபார்த்தோம்: மூலப் பில்லின் எண்ணும் நாளும் அதில் உள்ளனவா, மதிப்பும் வரியும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளனவா, அதற்கென்று தனி வரிசை எண் உண்டா. மூலப் பில் எண் இல்லாத குறிப்பு எந்தக் கணக்கைக் குறைக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு வந்ததில் எல்லாம் சரியாக இருந்தன. இருப்புப் பதிவேட்டில் பியூரெட் 24 என்று ஏற்றினோம். பில்லோடு குறிப்பையும் சேர்த்துத் தைத்து 18,384 ரூபாய் 40 காசுக்குக் காசோலை கொடுத்தோம்.

சட்டப்படி 2024–25ஆம் நிதியாண்டின் பில்லுக்கான வரவுக் குறிப்பை விற்றவர் 2025 நவம்பர் 30க்குள் அல்லது தம் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முன்னதோ அதற்குள் வரிக் கணக்கில் காட்டலாம். ஆனால் நமக்கு அவ்வளவு காலம் இல்லை. மூன்று மாதம் கழித்து ஆறு குறைகிறது என்று சொன்னால், உங்கள் ஆய்வகத்தில் உடைந்திருக்கும் என்பார்கள். மறுக்க நம்மிடம் ஒன்றும் இருக்காது. கண்ணாடிப் பொருள் என்றால் இது இன்னும் உண்மை. எண்ண நேரமில்லாதபோது சலானில் ‘பெட்டிகள் 7 மட்டும் பெறப்பட்டன, உள்ளே எண்ணிப் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுவதை இப்போது எங்கள் பள்ளியில் வழக்கமாக்கியிருக்கிறோம்.

இந்த ஆண்டு வகுப்பில் ‘முறையீட்டுக் கடிதம் எழுதுக’ என்று வினாக் கொடுப்பதில்லை. பெயர்களை மறைத்து இந்த ஐந்து தாள்களின் நகல்களைக் குழுக்களுக்குக் கொடுக்கிறேன். வேறுபாட்டைக் கண்டுபிடித்து, தொகையைக் கணக்கிட்டு, பிறகு எழுத வேண்டும். பெரும்பாலான குழுக்கள் வரியை விட்டுவிடுகின்றன. சில, பெட்டி எண்ணிக்கையைக் கவனிப்பதில்லை. எழுதிய கடிதங்களை இன்னொரு குழுவிடம் கொடுத்து, அவர்களைக் கணக்கராக இருந்து வரவுக் குறிப்பு தயாரிக்கச் சொல்கிறேன். கடிதத்தை மட்டும் வைத்து அதைப் போட முடியாமல் “எந்தப் பில்லுன்னே எழுதலையே” என்று அவர்கள் எழுந்து வரும்போது, எழுதிய குழு தாங்களாகவே கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறது.