"₹179 முதல்": அந்த 'முதல்' யாருக்கு?

போன செமஸ்டர் எங்க நாலு பேர் டீமுக்கு வந்த முதல் பெரிய சண்டை ஒரு மஞ்சள் லோகோவால வந்தது. ஹாஸ்டல் ரூம்ல இருந்தே கிளாஸ் டீ-ஷர்ட் ஆர்டர் எடுத்து, திருப்பூர்ல பிளெய்ன் சட்டை வாங்கி, பிரிண்ட் போட்டுக் குடுக்கறதுதான் எங்க வேலை. வாட்ஸ்அப் போஸ்டர்ல பெருசா "₹179", அதுக்குப் பக்கத்துல சின்னதா "முதல்" என்று போட்டிருந்தோம்.

அதைப் பார்த்துட்டு இரண்டாம் வருஷ கிளாஸ் ரெப் ஒருத்தர் வந்தார். 42 பேர், கறுப்பு சட்டை, முன்னாடி மஞ்சள் லோகோ, பின்னாடி வெள்ளை எழுத்து. நாங்க கணக்குப் போட்டு ₹227 என்றோம். அவர் முகம் மாறிடுச்சு. ஏன்னா, போஸ்டரை நம்பி கிளாஸ்ல ஆளுக்கு ₹180 வசூல் பண்ணி முடிச்சுட்டுத்தான் வந்திருந்தார். கையில ₹7,560. எங்களுக்குத் தேவை ₹9,534. மீதி ₹1,974-க்கு அவர் மறுபடியும் 42 பேர்கிட்ட போய் நிக்கணும். "அண்ணா, ஒரு கலர் லோகோ தானே? இது ஏமாத்து வேலை இல்லையா?" என்று கேட்டார்.

நாங்க பொய் சொல்லலை. 179 நிஜமான விலைதான். ஆனா அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். எங்கே பிசகினது என்று பார்க்க, அந்த விலை எப்படி உருவாகுது என்று தெரியணும்.

பிளெய்ன் சட்டை எங்களுக்கு ₹130. ஸ்கிரீன் பிரிண்டிங்ல ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன் செய்யணும், ஒண்ணுக்கு ₹400. அதுல பத்து சட்டை அடிச்சாலும் நூறு அடிச்சாலும் அதே 400தான். அப்புறம் ஒரு சட்டையில ஒரு கலர் அடிக்கக் கூலி ₹10, எங்க லாபம் ₹30. நூறு சட்டைக்குப் பார்சல் செலவு ₹500. ஆக நூறு சட்டை, முன்னாடி மட்டும் ஒரு கலர் என்றால் 130 + 10 + 4 + 5 + 30 = 179. போஸ்டர் விலை இதுதான்.

இப்போ அந்த 42 பேர் கணக்கு. கறுப்புத் துணியில மஞ்சள் மையை நேரடியா அடிச்சா மங்கலா, அழுக்கு மாதிரி தெரியும். அதனால முதல்ல வெள்ளை அடிப்பூச்சு, அதுமேல மஞ்சள். பார்க்கறவருக்கு ஒரு கலர், பிரிண்ட் போடறவருக்கு ரெண்டு ஸ்கிரீன். பின்பக்க எழுத்தோட சேர்த்தா மூணு ஸ்கிரீன், ₹1,200. அதை 42-ஆல வகுத்தா ஆளுக்கு 29-க்குக் கொஞ்சம் கீழே. பிரிண்ட் கூலி 30, பார்சல் 8 ரூபாய் சொச்சம். எல்லாம் கூட்டினா 227. ஒரு ரூபாய் கூட நாங்க அதிகமா வைக்கலை. ஆனா இதுல எதையுமே போஸ்டர் அவருக்குச் சொல்லலை.

அன்னைக்கு ராத்திரி பழைய ஆர்டர்களை எடுத்து வரிசைப்படுத்தினோம். மொத்தம் 11. அதுல 179-க்குப் போனது ஒண்ணே ஒண்ணு, 120 சட்டை வாங்கின ஒரு சிம்போசியம். பிரிட்டன்ல விளம்பரங்களைக் கண்காணிக்கிற ஏஎஸ்ஏ அமைப்போட விதிப்படி, "முதல்" விலை அது கிடைக்கிற வாய்ப்பை மிகைப்படுத்தக் கூடாது. விமான டிக்கெட் மாதிரி விஷயங்கள்ல குறைஞ்சது 10 சதவீதமாவது அந்த விலையில கிடைக்கணும் என்பது வழக்கமா வைக்கிற அளவு. பதினொண்ணுல ஒண்ணு என்றால் 9 சதவீதம், நூலிழையில ஃபெயில் என்று சிரிச்சுக்கிட்டோம். ஆனா உண்மையான தப்பு அந்த ஒரு சதவீதத்துல இல்லை. எங்க போஸ்டர் போனது கிளாஸ் குரூப்புகளுக்கு. ஒரு கிளாஸ்ல 40லிருந்து 60 பேர்தான். அதாவது போஸ்டரைப் பார்த்த யாராலயுமே 100 சட்டை ஆர்டர் பண்ண முடியாது! அவங்களைப் பொறுத்தவரை அந்த விலை கிடைக்க வாய்ப்பு பூஜ்யம்.

நம்ம நாட்டு விதியும் இதே இடத்தைத்தான் தொடுது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன்ல வெளியிட்ட வழிகாட்டுதல்கள்ல 'தூண்டில் விளம்பரம்' பத்தி ஒரு பகுதி இருக்கு. சொன்ன விலைக்கே அந்தப் பொருளை விற்க நியாயமான வாய்ப்பு இல்லாம ஆளை இழுக்கக் கூடாது, எதிர்பார்க்கக் கூடிய தேவைக்குப் போதுமான சரக்கு இருக்கணும், சரக்கு குறைவு என்றால் அதை விளம்பரத்துலயே சொல்லணும். அதே வழிகாட்டுதல்கள்ல, பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரத்தோட முக்கிய வாக்குறுதிக்கு முரணா இருக்கக் கூடாது என்றும், அதே மொழியில, தெளிவாத் தெரியற மாதிரி இருக்கணும் என்றும் வருது. தமிழ் போஸ்டருக்கு அடியில எறும்பு சைஸ் ஆங்கிலத்துல நிபந்தனை போடறவங்க கவனிக்க. புகார் பண்ண நினைக்கிறவருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு. அந்த ரெப் அதுக்குப் போன் பண்ணலை, எங்க நல்ல நேரம்.

முதல்ல எங்களுக்குத் தோணினது ரேஞ்ச் போட்டுடலாம் என்பதுதான். "₹179 – ₹291." பார்க்க நேர்மையா இருக்கும், ஆனா யாருக்கும் உதவாது. படிக்கிறவர் எப்பவும் இடப்பக்க எண்ணைத்தான் எடுத்துக்குவார். அந்த 291 ஒருத்தர் பேர், நம்பர் எல்லாம் போடச் சொன்ன ஒரே ஆர்டர். அதனால ரெண்டு ஓரத்தையும் தள்ளிட்டுப் பார்த்தோம். மீதி 9 ஆர்டரும் 205-க்கும் 248-க்கும் நடுவுல இருந்தது. ரேஞ்ச் என்றால் இதுதான் ரேஞ்ச். கூடவே, எது விலையை ஏத்தும் என்பதையும் சொன்னாத்தான் தன் ஆர்டர் எந்தப் பக்கம் விழும் என்று வாங்கறவருக்குப் புரியும்.

புதுப் போஸ்டர் இப்படி ஆச்சு:

"கிளாஸ் ஆர்டர் (40–60 சட்டை) பெரும்பாலும் ₹205 முதல் ₹250 வரை. உதாரணம்: 50 வெள்ளைச் சட்டை, முன்னாடி ஒரு கலர், பின்னாடி ஒரு கலர் – ஒண்ணு ₹203. 40 கறுப்புச் சட்டை, முன்னாடி மஞ்சள் லோகோ, பின்னாடி வெள்ளை எழுத்து – ஒண்ணு ₹229. அடர் நிறத் துணியில கலர் மைக்கு ஒரு ஸ்கிரீன் கூடும். 100 சட்டைக்கு மேல, முன்னாடி மட்டும் ஒரு கலர்: ₹179. பணம் வசூல் பண்றதுக்கு முன்னாடி டிசைனை அனுப்பி விலை கேளுங்க."

203 அந்த ரேஞ்சுக்கு ரெண்டு ரூபாய் கீழேதான். அதைத் திருத்தலை, சொன்னதை விடக் குறைஞ்சதுக்கு யாரும் சண்டைக்கு வரலை. 179-ஐ நாங்க எடுக்கவும் இல்லை. அது பொய் இல்லையே, அதுக்குரிய நிபந்தனை அதே சைஸ் எழுத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தை வாய் வார்த்தையாவே முடிவு பண்ணிக்கிட்டோம். யாராவது 179 ஆர்டரோட வந்தா, "அந்தச் சட்டை இப்போ இல்லை, இதை எடுத்துக்கங்க" என்று விலை கூடினதுக்குத் தள்ளக் கூடாது. சரக்கு இல்லை என்றால் அன்னைக்கே போஸ்டரை மாத்தணும். தூண்டில் என்ற புகார் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்துலதான் ஆரம்பிக்கும்.

மிச்சம் இருந்த தலைவலி ஃபார்வர்ட். பழைய போஸ்டர் இன்னும் ஏதோ குரூப்புல சுத்திக்கிட்டு இருக்கு, சட்டை விலை 130-ஐத் தாண்டினாலும் அது 179 என்றே சொல்லும். இப்போ ஒவ்வொரு போஸ்டர்லயும் விலைக்குக் கீழேயே "இந்த விலை செல்லும் கடைசி நாள்" என்று தேதி போடறோம். அந்த 42 பேர் ஆர்டரை லாபம் இல்லாம ₹197-க்கு முடிச்சுக் குடுத்தோம். ரெப் ஆளுக்கு 17 ரூபாய் மட்டும் கூடுதலா வாங்கிட்டு வந்தார்.